நடுவில் ஒரு காலி நெடுவரிசை, இடம் மாறிய 142 அளவுகள்: எக்செலில் ஏழு வருடம் வரிசைப்படுத்திய அனுபவம்

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் எங்களுடையது. 2018 முதல் பிள்ளைகளின் அளவுகளை எல்லாம் எக்செலில்தான் வைத்திருக்கிறேன். அளவு எடுப்பது நோட்டில், அன்று மாலையே கணினியில் ஏற்றிவிடுவேன். வகுப்பு வாரியாக வரிசைப்படுத்தி பிரின்ட் எடுத்துக் கட்டிங் மாஸ்டர் கையில் கொடுத்தால் அவர் வேலையை ஆரம்பிப்பார். இத்தனை வருடத்தில் இந்த வரிசைப்படுத்துதலை ஆயிரம் தடவையாவது செய்திருப்பேன். அது எங்கே காலை வாரும், எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மீட்பது என்பதைப் பட்டறிவாகவே தெரிந்துகொண்டேன்.

2022 மே மாதம் நடந்ததை முதலில் சொல்கிறேன். அந்த வருடம் 142 பிள்ளைகள். ஷீட்டில் A முதல் D வரை வரிசை எண், பெயர், வகுப்பு, பெற்றோரின் செல்பேசி எண். அடுத்து E நெடுவரிசை காலி. அப்புறம் F முதல் I வரை மார்பு, தோள், உயரம், முன்பணம். பிரின்டில் பெயர்ப் பகுதியும் அளவுப் பகுதியும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்தக் காலி நெடுவரிசையை நானேதான் விட்டிருந்தேன். வகுப்பு இருந்த C நெடுவரிசையில் ஒரு கட்டத்தில் கிளிக் செய்து, சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்தினேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வகுப்புகள் அழகாக ஒன்று, இரண்டு, மூன்று என்று நின்றன. சேமித்து, பிரின்ட் கொடுத்துவிட்டு, கோப்பை மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "அக்கா, ஒண்ணாம் வகுப்புப் பொண்ணுக்கு மார்பு 34-ன்னு இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்றார். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு 22, 23 அங்குலம் இருக்கும். 24 என்றாலே ஒருமுறை நோட்டைப் பார்ப்போம். 34 என்பது பெரிய வகுப்புப் பிள்ளையின் அளவு. அதற்கு மேல் வரியில் இருந்த குழந்தைக்கு உயரம் 60 அங்குலம் என்று இருந்தது. ஒன்று தவறாக டைப் ஆகியிருக்கலாம், இரண்டும் அப்படி ஆகாது. வெட்டுவதை உடனே நிறுத்தச் சொன்னேன்.

நடந்தது இதுதான். ஒரே ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு வரிசைப்படுத்தச் சொன்னால், தரவு எதுவரை இருக்கிறது என்பதை எக்செல் தானே தீர்மானிக்கும். முழுவதும் காலியான ஒரு நெடுவரிசையோ ஒரு வரியோ வந்தால் அதுதான் அதற்கு எல்லை. என் ஷீட்டில் E காலி என்பதால், அதற்குத் தெரிந்த பட்டியல் A முதல் D வரை மட்டுமே. அந்த நான்கும் சேர்ந்து நகர்ந்தன. பெயரும் வகுப்பும் செல்பேசி எண்ணும் ஒன்றாகவே போனதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. அளவுகளும் முன்பணமும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

இதே தவறு வேறு வழியிலும் வரும். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், பக்கத்தில் தரவு இருக்கும்போது எக்செல் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். அதில் `Expand the selection` என்பது முழு வரியையும் சேர்த்து நகர்த்தும். `Continue with the current selection` என்பது அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் பிய்த்து நகர்த்தும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிடுபவர்கள் பலர். ஆனால் அங்கே கேள்வியாவது வருகிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு நெடுவரிசைகளை இழுத்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தக் கேள்விகூட வராது, கேட்டபடி அந்த இரண்டை மட்டும் நகர்த்திவிடும். அதனால் 'எச்சரிக்கை வரவில்லை, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்' என்று நினைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

மீட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே நிலையில் மாட்டிக்கொள்பவருக்கு நேரடியாக உதவும். கோப்பை மூடியிருந்ததால் `Ctrl+Z` போச்சு. 142 பிள்ளைகளின் அளவுகளையும் நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றுவது இரண்டு நாள் வேலை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. வலது பக்கம் நகரவே இல்லை, அது இன்னும் நான் ஏற்றிய பழைய வரிசையிலேயே இருக்கிறது. நகர்ந்தது இடது பக்கம் மட்டும். அந்த இடது பக்கத்தில்தான் A நெடுவரிசையின் வரிசை எண்ணும் இருக்கிறது. அப்படியானால் இடது பக்கத்தை மட்டும் வரிசை எண்படி வரிசைப்படுத்தினால் ஒவ்வொரு பெயரும் தன் அளவுக்கு எதிரே வந்து நின்றுவிட வேண்டும். கோப்பை நகலெடுத்து, நகலில் A நெடுவரிசையில் கிளிக் செய்து, E காலியாகவே இருக்க, சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்தினேன். பிரித்த அதே செயல்தான் திரும்பச் சேர்த்தது. நோட்டில் முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் என்று பதினைந்து பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். மார்பு, தோள், உயரம் எல்லாம் பொருந்தின.

ஆனால் முன்பணம் பொருந்தவில்லை. அந்த மூன்று நாளில் ஆறு பெற்றோர் வந்து பணம் கட்டியிருந்தார்கள். நான் கலைந்த ஷீட்டில் பெயரைத் தேடி, அதே வரியின் கடைசியில் தொகையைப் போட்டிருந்தேன். அந்த வரியின் வலது பக்கமோ வேறொரு பிள்ளையுடையது. பெயர் தன் இடத்துக்குத் திரும்பியபோது தொகை அந்த வேறு பிள்ளையிடமே தங்கிவிட்டது. ரசீதுப் புத்தகத்தை வைத்து ஆறையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. கலைந்தது தெரிந்த நிமிடத்திலேயே அந்தக் கோப்பில் எதையும் டைப் செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். கலைந்ததைச் சேர்த்துவிடலாம். கலைந்த பிறகு ஏற்றியதைப் பிரித்தெடுக்கத்தான் ரசீது தேவைப்படுகிறது.

இந்த மீட்பு சாத்தியமானதற்குக் காரணம் வரிசை எண்கள் கையால் போட்ட நிஜ எண்களாக இருந்ததுதான். பலர் `=ROW()-1` என்று சூத்திரம் போட்டு வைப்பார்கள். அது எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியின் எண்ணைத்தான் காட்டும். எப்படி வரிசைப்படுத்தினாலும் 1, 2, 3 என்றே இருக்கும், பழைய இடத்தை நினைவில் வைத்திருக்காது. சூத்திரம் இருந்தால் அந்த நெடுவரிசையை நகலெடுத்து அதே இடத்தில் `Paste Special` வழியாக `Values` மட்டும் ஒட்டிவிட வேண்டும், அதையும் முதல் முறை வரிசைப்படுத்துவதற்கு முன்பே.

அதற்குப் பிறகு ஷீட்டை மாற்றி அமைத்தேன். காலி நெடுவரிசையை நீக்கிவிட்டேன். இடைவெளி வேண்டும் என்றால் நெடுவரிசையை அகலமாக்கினாலோ தடித்த கோடு போட்டாலோ போதும். நீக்கிய பிறகு மார்பு E-க்கும் முன்பணம் H-க்கும் வந்தன. I நெடுவரிசையில் வரிசை எண்ணை இரண்டாவது முறையாக ஒட்டினேன். ஆக ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்தில் ஒரு எண், வலது ஓரத்தில் அதே எண். J காலி, K1-இல் இந்தச் சூத்திரம்:

```
=SUMPRODUCT(--(A2:A500<>I2:I500))
```

இரண்டு ஓரத்திலும் எண்கள் பொருந்தாத வரிகள் எத்தனை என்று இது எண்ணிச் சொல்லும். வரிசைப்படுத்திய பிறகு 0 காட்ட வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் உடனே `Ctrl+Z`. J-ஐக் காலியாக விட்டது வேண்டுமென்றே செய்தது. இந்த ஒரு இடத்தில் காலி நெடுவரிசை நமக்கு வேலை செய்கிறது, சூத்திரம் பட்டியலோடு சேர்ந்துகொள்ளாமல் தள்ளி நிற்கிறது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. யாராவது நடுவில் உள்ள B, C-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் இரண்டு ஓரமும் அசையாது, சூத்திரம் 0 என்றே சொல்லும். அதனால்தான் பட்டியலையே டேபிளாக மாற்றிவிட்டேன். உள்ளே ஒரு கட்டத்தில் நின்று `Ctrl+T` அழுத்தினால், எதிலிருந்து எதுவரை என்று ஒரு பெட்டி வரும். அந்த எல்லையைப் படித்துப் பாருங்கள், காலி நெடுவரிசை இருந்தால் இங்கேயும் பாதியில்தான் நிற்கும். சரி என்று கொடுத்த பிறகு ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு அம்புக்குறி வரும். அதன் வழியாக வரிசைப்படுத்தினால் டேபிளின் எல்லா நெடுவரிசைகளும் சேர்ந்தே நகரும். கீழே புதுப் பிள்ளையைச் சேர்த்தாலும் டேபிள் தானே நீண்டுகொள்ளும். இத்தனை வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் மிகப் பயனுள்ளது இதுதான்.

டேபிள் ஆக்காமல் வெறும் ஃபில்டர் போட்டு வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபில்டர் வரிகளை மறைக்கும்போது முழு வரியையும்தான் மறைக்கிறது, அதில் ஆபத்து இல்லை. ஆனால் அதே அம்புக்குறிக்குள் வரிசைப்படுத்தும் வசதியும் இருக்கிறதே, அது ஃபில்டர் போடப்பட்ட நெடுவரிசைகளை மட்டும்தான் நகர்த்தும். அம்புக்குறிகள் A முதல் D வரை இருந்து E-யில் இல்லை என்றால், அங்கே வரிசைப்படுத்தினால் E அப்படியே நின்றுவிடும். அதனால் யாராவது அனுப்பிய ஷீட்டைத் திறந்ததும் கடைசித் தலைப்பு வரை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் `Ctrl+Shift+L` அழுத்தி ஃபில்டரை எடுத்துவிட்டு, ஒரு கட்டத்தில் நின்று `Ctrl+A` அழுத்துவேன். எதுவரை நிறம் மாறுகிறதோ அதைத்தான் எக்செல் ஒரே பட்டியலாகப் பார்க்கிறது. பாதியில் நின்றால் அங்கே ஏதோ காலியாக இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்ப ஃபில்டர் போடுவேன்.

சென்ற வருடம் முதல் அக்கா மகனும் சேர்ந்து பார்ப்பதற்காக ஒரு பிரதியைக் கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறோம். அங்கே `Sort sheet` என்பது முழு வரிகளையும் நகர்த்தும், `Sort range` என்பது தேர்ந்தெடுத்ததை மட்டும் நகர்த்தும். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் பெயரைப் படித்துவிட்டு அழுத்த வேண்டும். அவனுக்கு வகுப்பு வாரியாகவும் எனக்குப் பாக்கித் தொகை வாரியாகவும் வேண்டும் என்பதால் ஆளுக்கொரு `Filter view` வைத்துக்கொண்டோம். அவன் வரிசைப்படுத்துவது அவன் பார்வையில் மட்டும் மாறும், என் திரையில் பட்டியல் இடம் மாறாது. ஏதாவது கலைந்தாலும் `File` மெனுவில் `Version history` போய்க் கலைவதற்கு முந்தைய நேரத்தைத் திறந்து பார்க்கலாம்.

இந்த மே மாதப் பட்டியலை வகுப்பு வாரியாக மாற்றினேன், K1-இல் 0. ஒன்றாம் வகுப்பின் முதல் மூன்று பெயர்களை நோட்டோடு வைத்துப் பார்த்தேன், மார்பு 22, 23, 22. பிரின்ட் எடுத்து மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.