முகம் மாறாமல் கோயில் பிரகாரத்தில் நிறுத்துவது: ஒன்றரை வருட அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் ஜோடிப் படங்களை ஏஐ கருவியில் செய்துகொடுக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெரும்பாலும் இரண்டு இடங்களைத்தான் கேட்கிறார்கள்: கோயில் பிரகாரம், இல்லையென்றால் கடற்கரை. இதில் எது சரியாக வருகிறது, எது சொதப்புகிறது என்று இப்போது ஓரளவு தைரியமாகச் சொல்ல முடிகிறது.

முதலில், இதைக் கேட்டு வருகிறவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பாதி மாப்பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வந்து இறங்குவார்கள். பத்திரிகையும் வரவேற்பு பேனரும் அதற்கு ஒரு மாதம் முன்பே அடித்தாக வேண்டும். கோயிலில் எடுப்பதும் முன்போல் சுலபமில்லை. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தொல்லியல் துறை பராமரிக்கும் தாராசுரம் போன்ற இடங்களில் கேமராவுக்கு முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும். ஆகவே இந்த வேலைக்கு உண்மையான தேவை இருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். இரண்டு பேர் படத்தையும் ஏற்றி, 'இவர்களைச் சோழர் கோயில் பிரகாரத்தில் நிறுத்து' என்று எழுதினேன். அரை நிமிடத்தில் அருமையான படம் வந்தது. பெண்ணின் அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, எம்பொண்ணு மாதிரிதான் இருக்கு. ஆனா எம்பொண்ணு இல்லையே" என்றார். மேலுதட்டுக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைக் காணோம். நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. லேசாக ஒரு பக்கம் ஏறியிருக்கும் அவள் சிரிப்பு இரண்டு பக்கமும் சமமாகியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கருவி தருகிற படம் பெரும்பாலும் 1024க்கு 1536 பிக்சல். ஜோடி முழு உயரத்தில் நின்று, படத்தின் உயரத்தில் அறுபது சதவீதத்தை நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தலை என்பது உடம்பின் உயரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அப்படியானால் முகத்துக்குக் கிடைப்பது 130 பிக்சல்தான். அதில் மச்சத்துக்கு இடமில்லை. அதையே 12க்கு 18 அங்குல ஆல்பம் தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். முகம் மட்டும் 460 பிக்சல் இருக்க வேண்டும். நடுவில் இல்லாத விவரத்தை, படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் தன் யோசனையில் நிரப்புகிறது. அப்படி நிரப்பிய முகம் யாருடையதும் இல்லை.

ஆனால் சாதாரண கைப்பேசியில் முழு உயரத்துக்கு எடுத்த படத்தில் முகம் 450 பிக்சலுக்கு வரும். அச்சுக்கு அது போதும். இது புரிந்த பிறகு என் முறையே மாறிவிட்டது. ஆட்களை அசல் படத்திலிருந்தே எடுக்கிறேன். கருவிக்கு விடுவது நிழலையும், வெளிச்சம் ஒட்டுவதையும், ஓரங்களைச் சேர்ப்பதையும் மட்டும்தான்.

போன ஆவணியில் செய்த ஒரு வேலையைச் சொன்னால் விளங்கும். மாப்பிள்ளை மஸ்கட்டில், பெண் இங்கே. தாராசுரத்தில் நிற்பதுபோல் வேண்டும் என்றார்கள். கருவியிடம் தாராசுரம் என்று எழுதினால் ஹம்பி கல்தேர் போல ஒன்றை வரைகிறது, இல்லையென்றால் வடநாட்டுக் கோயில் ஒன்றைக் கொண்டுவருகிறது. கல்லில் எழுத்து வெட்டியிருந்தால் அது எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல். அதனால் பின்னணியை நானே போய் எடுத்தேன். குதிரையும் சக்கரமுமாகத் தேர் போலச் செதுக்கிய அந்த மண்டபத்தைக் காலை எட்டு மணிக்கு, கையில் கேமராவைப் பிடித்து, நாலடி உயரத்தில் வைத்து எடுத்தேன். தூண்களின் நிழல் படத்தில் வலது பக்கமாக விழுந்திருந்தது. அதாவது வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து.

பிறகு இருவருக்கும் ஒரே குறிப்பை அனுப்பினேன். செருப்பில்லாமல் நிற்க வேண்டும். வேறொருவர் பத்தடி தள்ளி நின்று, நாலடி உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுக்க வேண்டும். படத்தின் இடது பக்கம் கேமராவைப் பார்த்து நிற்பவருக்கு வலது பக்கம் என்பதால், வெளிச்சம் உங்கள் வலது கைப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அழகூட்டும் ஃபில்டர் கூடாது. வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்; படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். செல்ஃபி வேண்டாம் என்று தனியாகவே எழுதினேன். கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னுக்குப் போய்விடும். அதை எந்தப் பின்னணியில் வைத்தாலும் ஒட்டாது.

மாப்பிள்ளை முதலில் அனுப்பிய படம் மொட்டை மாடியில் நடுப்பகலில் எடுத்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல். கூட இருக்கும் நண்பரிடம் சொல்லிக் காலையில் திரும்ப எடுக்கச் சொன்னேன், எடுத்தார். பெண் வீட்டுத் திண்ணையில் நின்று எடுத்தாள். உயரம் கேட்டு வாங்கினேன்: அவர் 5 அடி 9 அங்குலம், அவள் 5 அடி 2 அங்குலம். அங்குலத்துக்கு 20 பிக்சல் என்று வைத்துச் சோதனைக்காக அவரை 1380, அவளை 1240 பிக்சல் உயரத்தில் நிறுத்திப் பார்த்தேன். இதைக் கருவியின் ஊகத்துக்கு விட்டால் எல்லாப் பெண்களையும் மாப்பிள்ளையின் தோளுக்குக் கொண்டுவந்துவிடும்.

போட்டோஷாப்பில் மூன்று படத்தையும் அடுக்கிவிட்டு, அதைக் கருவியிடம் கொடுத்தேன். எழுதியது இவ்வளவுதான்: 'இருவரின் முகம், நிறம், உடை, நிற்கும் விதம் எதையும் மாற்றாதே. இடது பக்க வெளிச்சத்துக்கு ஏற்றபடி காலடியில் நிழல் கொடு. தரையின் நிறம் உடையின் கீழ்ப்பகுதியில் லேசாகப் படட்டும்.' வந்த படத்தை அசலுக்கு மேல் ஒரு அடுக்காக வைத்து, நிழலும் காலடியும் மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டேன். முகம், கை, புடவைக் கரை மூன்றும் அசலிலிருந்தே வந்தன.

ஒரு திருத்தத்தின் மேல் இன்னொரு திருத்தம் செய்யவே கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன். நிழலைச் சரிசெய், பூவைச் சேர், வானத்தை மாற்று என்று வரிசையாகக் கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் முகம் கொஞ்சம் நகரும். பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒப்பிட்டால் தெரியாது. முதலாவதையும் ஐந்தாவதையும் வைத்துப் பார்த்தால் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அசலிலிருந்தே தொடங்கி, பிறகு அடுக்காகச் சேர்ப்பதுதான் வழி.

அடுத்தது தாலி. புடவை கட்டிய பெண்ணையும் வேட்டி கட்டிய ஆணையும் பக்கத்தில் பார்த்தாலே கருவி கல்யாணம் ஆனவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஒரு படத்தில் பெண் கழுத்தில் கருகமணி கோத்த சங்கிலி, வகிட்டில் குங்குமம், கால் விரலில் மெட்டி. நானும் கவனிக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பும்போது பெண்ணின் பாட்டி பார்த்துவிட்டு, "முடிச்சே போடலை, அதுக்குள்ள தாலியா?" என்று எழுந்து போய்விட்டார். அவர் மனம் புண்பட்டது நியாயம். அன்று இரவே மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து எந்தப் படத்தையும் அனுப்புமுன் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கழுத்து, வகிடு, கால் விரல் என்று வரிசையாகப் பார்க்கிறேன். கூடவே மாப்பிள்ளை காலில் செருப்போ ஷூவோ வந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். பிரகாரத்தில் ஷூ போட்டு நிற்கும் மாப்பிள்ளையைக் கருவி எனக்குப் பலமுறை கொடுத்திருக்கிறது.

புடவையில் முந்தானை வலது தோளுக்குப் போய்விடுவது உண்டு. கரை மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் ஆகும். கொசுவத்துக்குள் போகும் கரை மறுபக்கம் வெளியே வரும்போது வேறு டிசைனாக இருக்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் இரண்டு நிறமாகச் சேருகிற கோட்டைக் கருவி கரைத்து மழுப்பிவிடும். காசு போட்டு எடுத்த முகூர்த்தப் பட்டு அது. கடையில் நின்று தேர்ந்தெடுத்த பெண்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கடற்கரை சுலபம் என்று நினைத்தேன். தரை வெறும் மணல், கட்டடம் இல்லை. ஆனால் அங்கேதான் தவறு பளிச்சென்று தெரிகிறது, காரணம் அடிவானக் கோடு. சமமான மணலில் நிற்கும் எல்லாரையும் அந்தக் கோடு கேமரா இருந்த உயரத்திலேயே வெட்டும். நாலடியில் எடுத்தால் ஐந்தரை அடி ஆளுக்கு நெஞ்சுப் பக்கம் போகும். ஆளை நாலடியில் எடுத்துவிட்டு, நின்ற கண் உயரத்தில் எடுத்த கடலில் வைத்தால், கோடு நெற்றிக்குப் போய், ஜோடி ஒரு பள்ளத்தில் நிற்பது போல இருக்கும். எங்கே பிழை என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொய் என்று தோன்றிவிடும். இதற்குக் கருவியில் மருந்து இல்லை. எடுக்கும்போதே உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று சூரியன். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைப் பக்கம் நிற்கவைத்து, பின்னால் சூரியன் கடலில் மறைய வேண்டும் என்று கேட்பார்கள். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், மறைவது நிலத்தின் பக்கம். 'காலை என்று சொல்லிக்கொள்ளலாம்' என்று சம்மதிக்கவைப்பேன். சம்மதித்தாலும், முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் இருட்டாக இருக்க வேண்டும். கருவியோ பின்னால் செந்நிறச் சூரியனையும் முன்னால் ஸ்டுடியோ வெளிச்சத்தையும் சேர்த்தே தருகிறது. நான் சூரியனைப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே இடது பக்கம் தள்ளிவிடுகிறேன். ஈர மணலில் நிறுத்தினால் காலுக்குக் கீழே பிம்பம் வேண்டும், பாதம் கொஞ்சம் புதைந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கருவி நன்றாகவே செய்கிறது, நான் கையால் செய்வதைவிடவும் நன்றாக.

ஒரு படத்துக்கு எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அரை நிமிடத்தில் வருவதற்கு ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள் என்பவர்களிடம் அந்த அரை நிமிடப் படத்தையும் என் படத்தையும் 4க்கு 6 தாளில் அச்சடித்து, வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். திரையில் மறைகிற மெழுகுத் தோல் தாளில் தெரிந்துவிடும்.

பெண்ணின் சம்மதத்தை அவளிடமே நேரடியாகக் கேட்காமல் இப்போது எந்தப் படத்தையும் கருவியில் ஏற்றுவதில்லை. அண்ணன் அனுப்பினார், மாமா அனுப்பினார் என்பது போதாது. வேலை முடிந்ததும் கருவியின் கணக்கிலும் என் கணினியிலும் அசல் படங்களை அழித்துவிட்டு, அழித்ததை அவளுக்குத் தெரிவிக்கிறேன். பத்திரிகைக்கும் பேனருக்கும் இந்தப் படங்களைச் செய்து தருகிறேன். கல்யாண ஆல்பத்துக்குள் வைக்கக் கேட்டால் கடைசித் தாளில், இது சேர்த்து உருவாக்கிய படம் என்று கீழே எழுதித்தான் வைக்கிறேன்.