அம்மா காலுக்கு 3,850 ரூபா கிரீம்: மதுரைக்காரங்க இத படிச்சுட்டு கடைக்குள்ள போங்க

இப்பதான் அந்தக் கடைல இருந்து வந்து உக்காந்துருக்கேன், ஆத்திரம் இன்னும் அடங்கல. 3,850 ரூபா. 50 கிராம் டப்பா ஒண்ணு. பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்க ஒரு பெரிய ஸ்கின்கேர் ஷோரூம், பேரு போட வேணாம்னு வீட்ல சொல்றாங்க அதனால போடல. ஆனா என்ன நடந்துச்சு, அந்த டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு முழுசா சொல்றேன்.

எங்க அம்மாவுக்கு சுகர் இருக்கு. முட்டிக்குக் கீழ தோலு வறண்டு வெள்ளை வெள்ளையா செதில் செதிலா உதிரும், ராத்திரி சொறிஞ்சு சொறிஞ்சு கோடு விழுந்துரும். நல்ல மாய்ஸ்சரைசரா பாத்து தினமும் போடுங்கன்னு டாக்டர் சொல்லிருந்தாரு. மேலூர்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க, சரி நல்ல கடைக்கே கூட்டிட்டுப் போவோம்னு போனேன்.

அங்க ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையா பேசுச்சு. அம்மாவ உக்கார வச்சு, கீழ குனிஞ்சு கால எடுத்து ஸ்டூல் மேல வச்சு பாத்துச்சு. எங்க அம்மா கால அப்படி யாரும் தொட்டுப் பாத்ததில்ல, அம்மா கண்ணுல அப்பவே அந்தப் பொண்ணு மேல பாசம் வந்துருச்சு. அப்புறம் பேனா மாதிரி ஒரு மெஷின எடுத்து கணுக்காலுக்கு மேல வச்சுச்சு, 24ன்னு காட்டுச்சு. "பாத்தீங்களாம்மா, 24 பர்சென்ட்தான் ஈரப்பதம், இது டேஞ்சர் லெவல்"னு சொல்லிட்டு அந்த கிரீம ஒரு துளி தடவி ரெண்டு நிமிஷம் பேசிட்டு திரும்ப வச்சா 51. அம்மா என்னப் பாத்து "ஏத்தா, இம்புட்டு ஏறிருச்சே"ன்னாங்க. சாதா கிரீம் எல்லாம் மேலாப்லயே நின்னுரும், இது செராமைடு, பெப்டைடு, தங்கம் எல்லாம் போட்டது, உள்ள போயி வேலை செய்யும், பட்டாணி அளவு போதும், 3 மாசம் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. 3,850 ரூபாய ஜிபே பண்ணேன்.

போட்ட ரெண்டு மூணு நாள்லயே அம்மா எரியுதுன்னாங்க. சொறிஞ்ச கோட்டு மேல எல்லாம் செவந்துருச்சு. கடைக்கு போன் பண்ணா, "அது டாக்ஸின் வெளிய வர்றதும்மா, நிறுத்தாம போடுங்க"ன்னு பதில். சுகர் இருக்க வயசான அம்மா காலு செவந்து கிடக்கு, நிறுத்தாம போடணுமாம். திரும்ப பண்ணா மேனேஜர் சாப்புட போயிருக்காரு, அப்புறம் மேனேஜர் லீவு, அப்புறம் வாட்ஸப்ல போட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்புனேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

என் சித்தி பொண்ணு பி.ஃபார்ம் முடிச்சுட்டு கிரீம் தயாரிக்கிற கம்பெனி ஒண்ணுல வேலை பாக்குது. அட்டைப்பெட்டி பின்னாடி எறும்பு சைஸ்ல இருக்க எழுத்த போன்ல ஜூம் பண்ணி போட்டோ எடுத்து அதுக்கு அனுப்புனேன். அது லிஸ்ட படிச்சுட்டு சொன்னத அப்படியே எழுதுறேன், ஏன்னா இத தெரிஞ்சுக்கிட்டா உங்கள எந்தக் கடையும் இப்படி ஏமாத்த முடியாது.

நம்ம நாட்டு ரூல்படி லேபிள்ல எது அதிகமா இருக்கோ அது முதல்ல வரணும், அப்படியே இறங்கு வரிசை. ஆனா 1 பர்சென்டும் அதுக்குக் கீழயும் இருக்கதெல்லாம் கடைசில எந்த வரிசைல வேணாலும் போட்டுக்கலாம். அந்த 1 பர்சென்ட் கோடு எங்க இருக்குன்னு லேபிள்ல போட்டிருக்க மாட்டாங்க, நம்மதான் கண்டுபிடிக்கணும். அதுக்கு வழி என்னன்னா பீனாக்ஸிஎத்தனால்னு ஒரு பேர தேடணும். கிரீம் கெட்டுப் போகாம இருக்க போடுறது, நிறைய கிரீம்ல இருக்கும், 1 பர்சென்டுக்கு மேல போடக் கூடாது. அப்ப லிஸ்ட்ல அதுக்கு பின்னாடி வர்றது எல்லாமே 1 பர்சென்ட தாண்டாது.

எங்க டப்பால முதல்ல தண்ணி, அப்புறம் கிளிசரின், மினரல் ஆயில், செட்டரைல் ஆல்கஹால், டைமெத்திகோன், கிளிசரில் ஸ்டியரேட், அதுக்கப்புறம் பீனாக்ஸிஎத்தனால். அதுக்கும் பின்னாடி பர்ஃப்யூம், அதாவது செண்ட். அதுக்கும் பின்னாடிதான் செராமைடு, பெப்டைடு, தங்கம், எதுக்காக 3,850 ரூபா வாங்குனாங்களோ அது அத்தனையும்.

"அக்கா, 1 பர்சென்டுக்கு கீழன்னா வேஸ்ட்டுன்னு சொல்ல முடியாது, தோல் சுருக்கத்துக்கு போடுற ரெட்டினால் மாதிரி சிலது கொஞ்சமே போதும். ஆனா இந்த கிரீம்ல வறட்சிக்கு வேலை செய்யிறது கிளிசரினும் மினரல் ஆயிலும்தான். கிளிசரின் தண்ணிய இழுத்துப் பிடிக்கும், எண்ணெய் மேல பானைக்கு மூடி போட்ட மாதிரி நின்னு தண்ணிய ஆவியா போக விடாது. இதே ரெண்டும் 200 ரூபா கிரீம்லயும் இருக்கு"ன்னு சொல்லுச்சு. எரிச்சலுக்கு பெரும்பாலும் அந்த செண்ட்தான் காரணமா இருக்கும்னும் சொல்லுச்சு, வெடிச்ச தோலு மேல செண்ட் போட்ட கிரீமே போடக் கூடாதாம்.

அந்த மெஷின் விஷயத்த கேட்டா இன்னும் கொதிக்கும். அது தோலோட மேல் படலத்துல கரண்ட் குணத்த வச்சு ஈரத்த கணக்கு பண்றது. ஈரமா எத தடவுனாலும் உடனே நம்பர் ஏறும். கிரீம் நல்லதா கெட்டதான்னு அந்த ரெண்டு நிமிஷத்துல அதால சொல்லவே முடியாது, நாலஞ்சு மணி நேரம் கழிச்சு பாத்தாத்தான் ஈரம் நின்னுச்சான்னு தெரியும். சாயங்காலம் வந்து திரும்ப பாத்துட்டு வாங்குங்கன்னு எந்தக் கடைலயாவது சொல்லுவாங்களா?

அதனாலதான் இன்னைக்கு நேரா போனேன். அதே பொண்ணுகிட்ட என் கைல வச்சு பாக்கச் சொன்னேன், 33. என் பாட்டில் தண்ணில கர்ச்சீப்ப நனைச்சு அந்த இடத்துல ஒத்தி எடுத்துட்டு இப்ப வைம்மான்னேன். 60க்கு மேல போச்சு. வெறும் தண்ணி! பக்கத்துல நின்ன ரெண்டு கஸ்டமரும் பாத்தாங்க. அந்தப் பொண்ணு மொகம் வெளுத்துருச்சு, பாவம் அதுவும் சம்பளத்துக்கு நிக்கிற பிள்ளதான். மேனேஜர் வந்து மெஷின டிராயர்ல போட்டு பூட்டிட்டு, "ஓப்பன் பண்ண பொருள் ரிட்டர்ன் கிடையாது மேடம், பில்லுல போட்டிருக்கு பாருங்க, வேணும்னா சென்னை ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமர பாக்கப் போயிட்டாரு. 3,850 ரூபா குடுத்தவ நான் அங்கிட்டு நிக்கிறேன், ஒரு ஆள் திரும்பிப் பாக்கல.

இன்னொண்ணு, பட்டாணி அளவு போதும்னாங்கல்ல, அதுவும் பொய். ஆள்காட்டி விரல் நுனில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்குனா அரை கிராம். முட்டிக்குக் கீழயும் பாதமும் சேத்து ஒரு காலுக்கு அப்படி அஞ்சு தடவை வேணும், ரெண்டரை கிராம். ரெண்டு காலுக்கு அஞ்சு, காலைல ராத்திரின்னு ரெண்டு நேரம்னா ஒரு நாளைக்கு 10 கிராம். அப்ப 50 கிராம் டப்பா 5 நாள்தான். ஒரு கிராம் 77 ரூபா, நாளைக்கு 770 ரூபா! யாரால முடியும்? வெலைய பாத்து பயந்து துளி துளியா தடவுவோம், அப்ப எந்த கிரீமும் வேலை செய்யாது. இப்ப அம்மாவுக்கு பெரியாஸ்பத்திரி எதுத்தாப்ல மெடிக்கல்ல வாங்குன செண்ட் இல்லாத யூரியா 10 பர்சென்ட் கிரீம், 75 கிராம் 240 ரூபா. ஒரு கிராம் 3 ரூபா 20 பைசா, நாளைக்கு 32 ரூபா. செவப்பு அடங்குற வரைக்கும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போட்டுட்டு (புண்ணு மேல யூரியாவும் எரியும்) டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம்தான் ஆரம்பிச்சோம். செதில் உதுருறது நல்லா குறைஞ்சிருக்கு, ராத்திரி தூங்குறாங்க.

வெல அதிகமானா எல்லாமே ஏமாத்துன்னு சொல்ல வரல. சித்தி பொண்ணு சொன்னதுல எனக்கு நியாயமா பட்டது: கரப்பான் நோய் மாதிரி வந்து தோலோட தடுப்பே கெட்டுப் போனவங்களுக்கு செராமைடு, கொலஸ்ட்ரால், ஃபேட்டி ஆசிட் மூணும் சேந்து இருக்க கிரீம் கொஞ்சம் கூட குடுத்து வாங்கலாம், நம்ம தோல்ல இயற்கையா இருக்க கொழுப்பே அந்த மூணும்தான் (எங்க டப்பால கொலஸ்ட்ரால் பேரே இல்ல). ரெட்டினால் இருக்கதும் அப்படி, அது காத்தும் வெளிச்சமும் பட்டா வீணாப் போயிரும், அதனால காத்து புகாத பம்ப் டப்பாவுக்கு குடுக்குற காசுக்கு அர்த்தம் இருக்கு. அதே ரெட்டினால தெறந்த வாய் டப்பால வச்சு ஆயிரக்கணக்குல வித்தா வாங்காதீங்க. அப்புறம் நம்மூரு வெயில்ல எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு பிசுபிசுன்னு இல்லாத லேசான ஜெல் வேணும்னா அந்த சுகத்துக்கு கொஞ்சம் கூட குடுக்கலாம், ஏன்னா பிசுபிசுன்னு இருந்தா நம்ம போடவே மாட்டோம். கை காலு வறட்சிக்கு இது எதுவும் தேவையில்ல.

விரிவா டிப்ஸ் எழுதணும்னு நெனச்சேன், அம்மா கூப்புடுறாங்க, அதனால சுருக்கமா. கடைல மெஷின் நம்பர நம்பாதீங்க. காசு குடுக்கும் முன்னாடி லேபிள போட்டோ எடுங்க, பீனாக்ஸிஎத்தனாலுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. சந்தேகமா இருந்தா ஒரு காலுல வெல கூடினது, ஒரு காலுல மெடிக்கல் கிரீம்னு ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க. எரிஞ்சா உடனே நிறுத்துங்க, டாக்ஸின்னு சொன்னா கேக்காதீங்க. பில்ல தூக்கிப் போடாதீங்க, "ரிட்டர்ன் கிடையாது"ன்னு அடிச்சிருந்தாலும் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க, நான் பண்ணிட்டேன், 3,850 ரூபாய கேட்டு கம்ப்ளைண்ட் நம்பரும் வாங்கிட்டேன். சுகர் இருக்கவங்க எந்த கிரீமா இருந்தாலும் கால் விரல் இடுக்குல மட்டும் போடாதீங்க, அங்க ஈரம் நின்னா புண்ணாயிரும்.