முதல் எடிட்டர்: பக்கத்துக் கல்யாண ஸ்டூடியோவா, ஆன்லைன் ஃப்ரீலான்சரா?

வேலூரில் இருந்துகொண்டு சமையல் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர், எடிட்டிங்கை முதன்முறையாக வேறொருவரிடம் ஒப்படைக்க நினைத்தால், அவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவரிடம் கொடுக்கலாம். அல்லது யூடியூப் வீடியோவுக்குப் பழகிய ஃப்ரீலான்சர் ஒருவரை ஆன்லைனில் அமர்த்தலாம். தம்ப்நெயிலுக்குத் தனியாள் தேவையா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, ஆற்காடு பிரியாணியும் அதனுடன் பரிமாறும் கத்தரிக்காய்த் தொக்கும் செய்யும் பத்து நிமிட வீடியோ ஒன்றை வைத்துக்கொள்வோம். இதற்காக 4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் அளவில் ஒன்றரை மணி நேரம் படம்பிடித்தால், கோப்புகள் ஏறத்தாழ 67 ஜிபி வரும். வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், அவற்றை ஏற்றவே ஏழரை மணி நேரம் ஆகும். உள்ளூர்க்காரரிடம் ஹார்ட் டிஸ்கைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஃப்ரீலான்சருக்கோ 1080பி அளவுக்குச் சுருக்கிய பிரதியை அனுப்ப வேண்டியிருக்கும். வீடியோவை 1080பியில்தான் வெளியிடுகிறோம் என்றால் அதனால் பெரிய இழப்பில்லை.

திறமையில் கல்யாண எடிட்டர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். அவருடைய பழக்கம்தான் வேறு. ஒவ்வொரு காட்சியையும் மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் சினிமாப் பாட்டு வைத்துப் பழகியவர் அவர். அந்தப் பாட்டு யூடியூபில் ஏறினால் உரிமைக் கோரிக்கை வரலாம், வருமானமும் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். மேலும், கல்யாண வீட்டார் முழு வீடியோவையும் உட்கார்ந்து பார்ப்பார்கள். யூடியூபில் வருபவரோ தலைப்பு சொன்னது முதல் சில நொடிகளில் கண்ணில் படாவிட்டால் போய்விடுவார்.

இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சமாளிப்பதற்குத்தான், எடிட்டருக்கு எழுதிக் கொடுக்கும் வேலைக் குறிப்பான பிரீஃப். "நல்லா பண்ணிக் கொடுங்க" என்பது பிரீஃப் ஆகாது. இப்படி எழுதலாம்: "தம் போட்ட அண்டாவைத் திறக்கும் ஷாட் முதலில் வர வேண்டும். வணக்கம் சொல்லும் பகுதி ஐந்து நொடியைத் தாண்டக் கூடாது. அரிசி, கறி அளவைச் சொல்லும்போது எழுத்தில் காட்டவும். வெங்காயம் வதங்கும் இடத்தில் இசை வேண்டாம், சத்தம் கேட்கட்டும். நீங்கள் சேர்க்கும் இசை அனைத்தும் யூடியூப் ஆடியோ லைப்ரரியிலிருந்தே இருக்க வேண்டும். இரண்டு திருத்தச் சுற்று இந்தத் தொகையில் அடங்கும். நான் பிரீஃபையே மாற்றினால் அதற்குத் தனித் தொகை." கடைசி வரி இல்லாததால்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் வருகின்றன.

தரத்தை அறிய, பழைய வேலைகளின் தொகுப்பைப் பார்ப்பது போதாது; அதில் அவர்களுடைய சிறந்த வேலை மட்டுமே இருக்கும். இருவருக்கும் ஒரே இருபது நிமிடக் காட்சியையும் ஒரே பிரீஃபையும் கொடுத்து, இரண்டு நிமிடமாக்கித் தரச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்கும் பணம் தர வேண்டும். அந்தக் காட்சியில் உப்பின் அளவைத் தவறாகச் சொல்லி உடனே திருத்திச் சொன்ன இடம் ஒன்று இருக்கட்டும். எடிட்டர் தவறான டேக்கை நீக்கியிருந்தால் அவர் காட்சியைக் காதால் கேட்டிருக்கிறார் என்று பொருள். இரண்டும் இருந்தால் டைம்லைனைக் கண்ணால் மட்டும் ஓட்டியிருக்கிறார். பிறகு ஹெட்போனை விட்டுவிட்டு, போன் ஸ்பீக்கரில் இசை பேச்சை மூடுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி செலவு. உள்ளூர்க்காரர் வீடியோவுக்கு ரூ.1,500, ஃப்ரீலான்சர் ரூ.2,200 கேட்பதாகக் கொள்வோம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ரூ.300 மதிப்பிட்டால், உள்ளூர் வேலையைத் திருத்த மூன்று மணி நேரம் சேர்த்து ரூ.2,400 ஆகிறது, ஃப்ரீலான்சர் அரை மணித் திருத்தத்துடன் ரூ.2,350. அதாவது தொடக்கத்தில் மலிவு என்று எதுவும் இல்லை. ஆனால் உள்ளூர்க்காரரின் அருகில் அமர்ந்து நான்கைந்து வீடியோக்களைச் சேர்ந்து முடித்து, திருத்தம் ஒரு மணி நேரமாகக் குறைந்துவிட்டால் கணக்கு ரூ.1,800 ஆகும். கற்றுக்கொள்ளும் மனம் அவருக்கு இருந்தால் நான் அவரையே தேர்ந்தெடுப்பேன்.

ஒரு நிபந்தனை: நாள்காட்டியைப் பார்த்துப் பேச வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கையில் நேரத்துடன் இருப்பவர், தையிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நெருங்கினால் போனையே எடுக்க மாட்டார். சோதனையை ஆடியில் வைத்து, அப்போது கிடைத்த வேகத்தை ஆண்டு முழுவதற்கும் நம்பக் கூடாது. முகூர்த்த மாதங்களுக்கான இரண்டு மூன்று வீடியோக்களை முன்கூட்டியே முடித்து வைக்கலாம். அது முடியாது, வாரம் தவறாமல் வெளியிட்டே ஆக வேண்டும் என்பவருக்கு ஃப்ரீலான்சரே பொருத்தம். யாரை அமர்த்தினாலும் ஒவ்வொரு வீடியோவின் புராஜெக்ட் கோப்பையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே மீதித் தொகையைத் தர வேண்டும்.

தம்ப்நெயில் வடிவமைப்பாளரைத் தொடக்கத்தில் மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியதில்லை. ஒரு வீடியோவுக்கு, எழுத்தின் அளவில் மட்டுமல்லாமல் கருத்திலேயே வேறுபடும் மூன்று படங்கள் கேட்கலாம்: திறந்த அண்டா, இலையில் பிரியாணி, கையில் கத்தரிக்காய். வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து மறைக்கும் என்பதால் அங்கே எழுத்து கூடாது என்பதையும் பிரீஃபில் சேர்க்க வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவில் தம்ப்நெயில்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் வசதியில் மூன்றையும் ஏற்றினால், எந்தப் படம் கூடுதல் பார்வை நேரத்தைத் தந்தது என்று தெரியும். ஆனால் பார்வையாளர் குறைவான சேனலில் அது தெளிவான முடிவைத் தராமலும் போகலாம். அந்த நிலையில் மூன்று படங்களுக்குப் பணம் தருவது வீண், ஒன்றே போதும்.