ஒரு வீடு, இரண்டு மருந்து முறைகள்: காசநோயாளியின் குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் எதை முன்வைப்பது?

காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நோய் வராமல் தடுக்கத் தரும் இரண்டு மருந்து முறைகளை, ஏற்காட்டில் காபித் தோட்டத்து லைன் வீடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத் தலைவருக்கு வயது 44. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகி, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்ற முடிவும் வந்து, சிகிச்சை தொடங்கிவிட்டது. ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள அந்த வீட்டில் அவருடைய 66 வயது தாயார், 39 வயது மனைவி, ஐந்து மாதக் கர்ப்பிணியாகத் தாய்வீடு வந்து இரண்டு மாதமாகத் தங்கியிருக்கும் மகள், அவளுடைய 20 மாதக் குழந்தை ஆகியோர் இருக்கிறார்கள். 21 வயது மகன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு மட்டும் மலையேறி வருகிறான்.

மகன் இங்கே வசிப்பதில்லை என்பதால் தடுப்பு மருந்துக்கு அழைக்கும் கடிதம் அவனுக்குத் தேவையில்லை என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். நோயாளிக்குச் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஓர் இரவாவது அவரோடு ஒரே கூரையின் கீழ் தங்கியவர் வீட்டுத் தொடர்பாளரே என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கின்படி அவனும் உண்டு, இரண்டு மாதமாக இருக்கும் மகளும் குழந்தையும் உண்டு.

இவர்களுக்குத் தரக்கூடிய தடுப்பு சிகிச்சை முறைகள் இரண்டு. ஒன்று, ஐசோனியாசிட் மாத்திரையை ஆறு மாதம் நாள்தோறும் உட்கொள்வது. மற்றொன்று, ஐசோனியாசிட்டையும் ரிஃபாபென்டினையும் சேர்த்து வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டு முறை உட்கொள்வது. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் கடிதப் படிவத்தில் முதல் முறை மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. பின்னர் வந்த படிவத்தில் இரண்டாவது மட்டுமே இருந்தது. இரண்டு படிவங்களும் இந்த வீட்டில் யாராவது ஒருவருக்குத் தவறாகவே முடிந்திருக்கும்.

எந்த முறையானாலும், முதல் மாத்திரைக்கு முன் ஒரு வாசலைக் கடந்தாக வேண்டும். அவருக்கு ஏற்கெனவே காசநோய் இல்லை என்பதை உறுதிசெய்யாமல் தடுப்பு மருந்தைத் தொடங்கக் கூடாது. உடலில் கிருமி உறங்கிக் கிடக்கும்போது அதன் எண்ணிக்கை மிகக் குறைவு. அதற்கு ஒன்றிரண்டு மருந்து போதும். நோயாகவே வளர்ந்துவிட்ட உடலில் கிருமிகள் ஏராளம். அங்கே தனி ஐசோனியாசிட்டைக் கொடுத்தால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத சில கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். இந்த ஆபத்தில் ஆறு மாத முறை ஒரு படி மோசம், ஏனென்றால் அதில் ஒரே மருந்துதான் இருக்கிறது. வார முறையில் இரண்டு மருந்துகள் இருந்தாலும் அதுவும் முழு நோய்க்கான சிகிச்சை ஆகாது. ஆகவே இருமல், காய்ச்சல், இரவில் வியர்த்தல், எடை குறைதல் ஆகியவற்றில் ஏதாவது உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். குழந்தையானால் எடை ஏறாமலோ விளையாட்டில் நாட்டமில்லாமலோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மனைவிக்குப் பத்து நாளாக இருமல் இருந்தது. “மழைக்காத்துக்கு வர்ற சளிதாங்க இது” என்று அவர் சொன்னார், இருக்கலாம். ஆனாலும் அவருக்கு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் முடியும்வரை இரண்டு முறைகளுமே மூடிய கதவுதான்.

இனி இரண்டையும் அருகருகே வைப்போம். 52 கிலோ எடையுள்ள மகனை எடுத்துக்கொண்டால், ஆறு மாத முறையில் நாளுக்கு 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வீதம் 182 நாள் உட்கொள்ள வேண்டும். வார முறையில் இரண்டு மருந்தும் தலா 300 மில்லிகிராம் கலந்த கூட்டு மாத்திரை மூன்றை ஒரே வேளையில், உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு மொத்தம் 36 மாத்திரைதான். 182 என்ற எண் ஏன் தோற்கிறது என்பதை ஒரு வீட்டு அரிசிச் சம்படத்தின் பின்னால் பார்த்தேன். மூன்றாவது மாதத்து மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. நோயே இல்லாதவர் நாள்தோறும் மாத்திரையை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்பதை அந்த வீட்டாரின் குற்றமாக நான் கருதவில்லை.

2011இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் வார முறையை 82 விழுக்காட்டினர் முடித்தார்கள். நாள்தோறும் ஐசோனியாசிட் எடுத்தவர்களில் முடித்தவர்கள் 69 விழுக்காட்டினர். கல்லீரல் பாதிப்பும் வார முறையில் தெளிவாகக் குறைவு. ஆனால் இந்த எண்ணை அப்படியே கடிதத்தில் எழுதுவது நேர்மையாகாது. அந்த ஆய்வில் ஐசோனியாசிட் தரப்பட்டது ஆறு மாதமல்ல, ஒன்பது மாதம்; வார மருந்தோ பணியாளர் கண்முன் விழுங்கப்பட்டது. மேலும், காய்ச்சல், உடல்வலி, தலைசுற்றல் போன்ற ஒவ்வாமை சார்ந்த தொல்லைகள் வார முறையில்தான் கூடுதலாக இருந்தன. இவை பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது தவணைக்குப் பின், மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் தோன்றி, ஒரு நாளில் அடங்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்தத் தவணையோடு மருந்து நின்றுவிடும்.

கடிதத்தில் நான் அதிக இடம் ஒதுக்குவது சிறுநீரின் நிறத்துக்குத்தான். ரிஃபாபென்டின் உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் ஆரஞ்சாகவோ செம்மையாகவோ மாறும். ஓரிரு நாளில் மங்கும். இதில் கெடுதல் எதுவும் இல்லை. கல்லீரல் பாதிப்பில் வரும் நிறமோ கட்டஞ்சாயா போல அடர்ந்திருக்கும். மாத்திரை எடுக்காத நாளிலும் மாறாமல் நிற்கும். பசியின்மை, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றோடு சேர்ந்து வரும். ஆறு மாத முறையில் இந்தக் குழப்பமே இல்லை. அதில் சிறுநீர் நிறம் மாறினால் அது எச்சரிக்கைதான். மலையில் மஞ்சள் காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு மாத்திரையையும் தொடர்வார்கள் என்பதால், “இவை தோன்றினால் முதலில் மாத்திரையை நிறுத்துங்கள், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்” என்று கடிதத்தில் தனி வரியாக எழுதுகிறேன்.

இப்போது ஆளாளுக்கு வருவோம். குழந்தைக்கு வயது இரண்டு நிறையவில்லை. அந்த வயதுக்குக் கீழே வார முறை கிடையாது. எடை பத்துக் கிலோ. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் என்ற கணக்கில் தண்ணீரில் கரையும் 100 மில்லிகிராம் ஐசோனியாசிட் மாத்திரை நாளுக்கு ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொற்று பரிசோதனை செய்து காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் தொடங்கிவிடலாம். கர்ப்பிணிக்கும் வார முறை பரிந்துரைக்கப்படுவதில்லை. அவளுக்கு உரியது ஆறு மாத முறை, வைட்டமின் பி6 மாத்திரையுடனும் கல்லீரல் கண்காணிப்புடனும். தாயும் பிள்ளையும் ஒரே வேளையில் மாத்திரை எடுப்பது நினைவுக்கும் வசதி.

மகனுக்கு வார முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. பட்டறையில் உடன் தங்கியிருப்பவர்களின் கண்ணில் படாமல், ஞாயிறு காலை வீட்டிலேயே மாத்திரை எடுத்துவிடலாம். ஆனால் சனிக்கிழமை கூலி நாள். குடிப்பழக்கம் உண்டா என்பதைத் தாயார் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும்; தொடர்ந்து அதிகம் குடிப்பவருக்கு இரண்டு முறைகளுமே ஆகாது. ஞாயிறு மறந்து, செவ்வாய்க்குள் நினைவு வந்தால் அன்றே எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு வழக்கம்போலத் தொடரலாம். வியாழக்கிழமைதான் நினைவு வந்தது என்றால், அன்று எடுத்துவிட்டு இனி வியாழனையே மருந்து நாளாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு தவணைகளுக்கு இடையே நான்கு நாள்கூட இராது. பதினாறு வாரத்துக்குள் பதினொரு தவணையாவது சேர்ந்தால் முறை நிறைவேறியதாகக் கொள்ளப்படும்.

பாட்டிதான் கடினமான கேள்வி. “எனக்கு இருமலே இல்லையே, எனக்கெதுக்குப்பா மாத்திரை?” என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, கிளிமிபிரைடு எடுக்கிறார். ரிஃபாபென்டின் அந்த மாத்திரையின் வலுவைக் குறைத்துச் சர்க்கரையை ஏற்றிவிடலாம். ஐசோனியாசிட்டை நாள்தோறும் கொடுத்தாலோ, வயது ஏற ஏறக் கல்லீரல் பாதிப்பு வாய்ப்பும், சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த பாத நரம்பில் மரத்துப்போதலும் கூடும். இவருக்குத்தான் தொற்று பரிசோதனை உண்மையில் பயன்படும்: முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் தோல் பரிசோதனை. தொற்று இல்லையென்றால் மருந்தின்றிக் கண்காணிக்கலாம். தொற்று இருந்தால், நான் வார முறையின் பக்கமே சாய்வேன், ஆனால் சர்க்கரையை அடிக்கடி பார்க்கும் நிபந்தனையோடு. எடைக்கும் ஈரலுக்கும் ஏற்ப மருத்துவர் வேறு முடிவெடுத்தால் அதை மறுக்க மாட்டேன். மனைவிக்கு எக்ஸ்ரேவும் சளியும் தெளிவாக வந்தால் வார முறை போதும். அவர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்; கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால், ரிஃபாபென்டின் அதைப் பலனற்றதாக்கும் என்பதைக் கடிதம் சொல்லியாக வேண்டும்.

ஆக, அந்த வீட்டுக்கு மூடிய உறையில் போன கடிதத்தில் “தங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற முறை பரிசோதனைக்குப் பின் முடிவாகும்” என்று எழுதி, கீழே இரண்டு முறைகளையும் நாள், மாத்திரை எண்ணிக்கை, நிறம், நிறுத்த வேண்டிய அறிகுறி என்ற வரிசையில் இரண்டு பத்திகளாக வைத்தேன். உறையின் வெளிப்புறத்தில் காசநோய் என்ற சொல் இல்லை. கடிதத்தில் ஒரு வரி மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது. நோயாளியின் கிருமி ஐசோனியாசிட்டுக்குக் கட்டுப்படுகிறதா என்ற ஆய்வக முடிவு அப்போது வந்திருக்கவில்லை. கட்டுப்படவில்லையென்றால் மேலே ஒப்பிட்ட இரண்டுமே அந்த வீட்டுக்குப் பொருந்தாமல், நான்கு மாத ரிஃபாம்பிசின் என்ற மூன்றாவது முறையை அங்கே எழுத வேண்டியிருக்கும்.