பாதியில் நின்ற மைசூர்பாக் குறிப்பு: மிருதுவா, பொறபொறப்பா?

கைமாறி வரும் மைசூர்பாக் குறிப்புகள் பலவும் ஒரே இடத்தில் அறுந்துபோகின்றன. உதாரணத்துக்கு ஒன்று: "கடலை மாவு 1 கப், சர்க்கரை 1¾ கப், தண்ணீர் ½ கப், நெய் 2 கப். மாவைச் சலித்து வைக்கவும். நெய்யைப் பக்கத்து அடுப்பில் சிறு தீயில் வைக்கவும். பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறவும். பிறகு நெய்யை…"

இதற்கு மேல் இரண்டு வழி உண்டு. ஒன்று, வாயில் வைத்ததும் கரையும் மிருதுவான நெய் மைசூர்பாக். மற்றது, உள்ளே தேன்கூடு போல ஓட்டை விழுந்து, கடித்தால் பொறபொறவென்று உதிரும் பழைய வகை.

பலரும் நெய்யின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். அது சரியான தடயம் இல்லை. ஒரு கப் மாவுக்கு இரண்டு கப் நெய் இரண்டு வகையிலும் வரும். பார்க்க வேண்டியது, நெய் என்ன நிலையில் காத்திருக்கிறது, மாவை முன்னால் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

மிருதுவான வகைக்கு மாவைச் சிறு தீயில் பச்சை வாசனை போக வறுத்து, சலித்து, உருக்கிய நெய்யில் பாதியை ஊற்றித் தோசை மாவு போலக் கரைத்துக்கொள்வார்கள். அந்தக் கரைசல்தான் பாகில் போகும். மாவு முன்பே வெந்துவிட்டதால் நெய் கொதிக்க வேண்டியதில்லை, வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நம் குறிப்பில் வறுப்பதும் இல்லை, கரைப்பதும் இல்லை. பச்சை மாவு நேராகப் பாகில் விழுகிறது, நெய்யோ அடுப்பிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மாவை வேகவைக்கப்போவது காய்ந்த நெய்தான். ஆகவே இது பொறபொறப்பான வகை என்றே நான் துணிவேன். பட்டியலில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் விடுபட்ட பகுதி இப்படித்தான் இருக்கும்: நெய்யை ஒரு கரண்டி ஊற்ற வேண்டும், அது 'சொர்' என்று பொங்க வேண்டும். கலவை நெய்யை உறிஞ்சும்வரை கிளறி, அடுத்த கரண்டி. பாகிலுள்ள தண்ணீர் சூடான நெய் பட்டதும் ஆவியாகி மாவைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவதால்தான் ஓட்டைகள் விழுகின்றன. சத்தம் வரவில்லையென்றால் நெய் காயவில்லை என்று பொருள். அப்படியே தொடர்ந்தால் ஓட்டையில்லாத, கனமான கட்டிதான் கிடைக்கும். கடைசியில் கலவை நெய்யை உறிஞ்ச மறுத்து, ஓரங்களில் நெய்யைக் கக்கி, நுரைத்துக்கொண்டு வாணலியை விட்டு விலகும், நிறமும் ஒரு சாயல் மாறும். அந்தக் கணமே ஆழமான தட்டில் கொட்ட வேண்டும். மேலே அழுத்தவோ சமன்செய்யவோ கூடாது, அழுத்தினால் ஓட்டை மூடிவிடும். சில நிமிடங்களில், சூடு ஆறுமுன்பே, வில்லை போட்டுவிட வேண்டும். ஆறியபின் கத்தி வைத்தால் நொறுங்கும். நடுப்பகுதி மட்டும் பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். கட்டியின் நடுவில் சூடு தங்கி மேலும் வேகுவதால் வரும் நிறம் அது, நன்றாக வந்ததற்கு அடையாளமும்கூட.

மிருதுவான வகையின் முடிவு இதற்கு நேர் எதிர். நெய்யைச் சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கலவை பளபளப்பாகத் திரண்டு வாணலியில் ஒட்டாமல் சுழன்றதுமே, நுரைக்கத் தொடங்கும் முன் இறக்கிவிட வேண்டும். தட்டில் கொட்டி மேலே சமன்செய்து, நன்றாக ஆறவிட்டு வெட்டலாம். நுரை வரும்வரை விட்டால் மிருது போய்விடும்.

குறிப்பு இன்னும் முன்னாலேயே அறுந்து, நெய்யைப் பற்றி எந்தத் துப்பும் இல்லையென்றால்? மிருதுவான வழியிலேயே போங்கள். அதில் பதம் குறைந்து அல்வா போலக் குழைந்துவிட்டால், திரும்ப வாணலியில் போட்டுச் சில நிமிடம் கிளறினால் சரியாகும். பொறபொறப்பான வகையிலோ பதம் தாண்ட அரை நிமிடம் போதும், வாணலியிலேயே உதிரும். உதிர்ந்ததைச் சிறிது தண்ணீர் தெளித்துக் கிளறித் திரட்டலாம்தான், ஆனால் அது பர்பி ஆகுமே தவிர மைசூர்பாக் ஆகாது. மிருதுவான வழியைத் தேர்ந்தால் குறிப்பு சொல்லாவிட்டாலும் மாவை வறுத்துவிடுங்கள். அங்கே கொதிக்கும் நெய் இல்லாததால் பச்சை வாசனையைப் பிறகு எடுக்க வழி கிடையாது.