ஊருக்கு வந்தபோது டாலர் டெபாசிட்: 5 சதவீதம் எப்போது 11 ஆகிறது, எப்போது 2 ஆகிறது

விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் வங்கியில் முடித்துவிட்டுப் போகும் வேலைகளில் டாலர் டெபாசிட்டைப் புதுப்பிப்பதும் ஒன்று. கவுண்டரில் கேட்டால் டாலருக்கு 5 சதவீதம், ஊர்ப் பணத்தில் போட்டால் 8 சதவீதம் என்பது போல ஒரு பதில் வரும். 8 பெரிது என்று உடனே கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டும் வேறு வேறு பணத்தின் வட்டி. நடுவில் மாற்று விகிதம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். 10,000 டாலர், ஓராண்டு, 5 சதவீதம். டாலர் வட்டிக்கு ஆண்டை 360 நாளாகக் கொள்வது சந்தை வழக்கம் (பவுண்டுக்கு 365). அந்தக் கணக்கில் 365 நாளுக்கு வட்டி 506.94 டாலர், முதிர்வில் கிடைப்பது 10,506.94.

போட்ட அன்று வங்கி ஒரு டாலரை 79.40-க்கு வாங்குகிறது, 80.60-க்கு விற்கிறது என்று வைப்போம். செல்பேசியில் தெரியும் 80 இரண்டுக்கும் நடுவிலிருப்பது. அந்த விலைக்கு யாரும் நமக்கு மாற்றித் தருவதில்லை. சம்பளம் டாலரில் வந்தவருக்கு அடிப்படை 79.40தான். அன்றே மாற்றியிருந்தால் 7,94,000 கையில் இருந்திருக்கும்.

முதிர்வன்று வங்கி வாங்கும் விலை 84 ஆகியிருந்தால் கிடைப்பது 8,82,583. லாபம் 11.16 சதவீதம். டாலர் 77-க்கு இறங்கியிருந்தால் 8,09,034, லாபம் 1.89 சதவீதம்தான். வட்டி விகிதம் இரண்டு முறையும் அதே 5. டாலர் ஏறும்போது அசல் மட்டுமல்ல, வட்டியும் கூடிய விலைக்கு மாறுகிறது. இறங்கும்போதும் அப்படியே இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

அப்படியானால் ஊர்ப் பணத்தில் 8 சதவீதத்துக்குப் போட்டது எப்போது தோற்கும்? 7,94,000 ஓராண்டில் 8,57,520 ஆகும். அதை 10,506.94 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 81.61. முதிர்வன்று வங்கி வாங்கும் விலை இதற்கு மேலே போனால் டாலர் வென்றது, கீழே நின்றால் ஊர்ப் பணம் வென்றது. அதாவது டாலர் 2.8 சதவீதம் ஏறினாலே போதும். கவுண்டருக்குப் போகும் முன் இந்த ஒரு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு சுருங்கிவிடும். அதன் பிறகு மீதி இருப்பது ஒரே கேள்விதான்: டாலர் அந்த எண்ணைத் தாண்டுமா?

அதற்கு யாரிடமும் உறுதியான பதில் கிடையாது. முன்கூட்டியே விலையைப் பூட்டிவிடலாம் என்று சில வங்கிகள் முன்பேர ஒப்பந்தம் சொல்வார்கள். ஆபத்து போகும், உண்மைதான். ஆனால் அந்த விலையே இரு பணங்களின் வட்டி வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. நடு விலை 80-ஐ 1.08 ஆல் பெருக்கி 1.0507 ஆல் வகுத்தால் 82.23. அதில் வங்கி தன் கழிவை எடுத்துக்கொண்டு 81.60 தந்தால் கையில் வருவது 8,57,366. ஊர்ப் பண டெபாசிட்டிலேயே இதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும்! ஏற்றத்தை விட்டுக்கொடுக்காமல் இறக்கத்தை மட்டும் தவிர்க்க இலவச வழி கிடையாது.

கையிலுள்ள ஊர்ப் பணத்தைக் கொடுத்து டாலர் வாங்கிப் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 80.60-க்கு வாங்கி, விகிதம் அசையாமலே 79.40-க்கு விற்றால் 1.5 சதவீதம் போய்விடும். அந்த ஆண்டின் 5-இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டாலரில் சம்பாதித்து டாலரிலேயே வைத்திருப்பவருக்கு இந்தச் சேதம் ஒரு பக்கம்தான். நோட்டாகக் கொண்டுவந்து மாற்றினால் விலை இன்னும் மோசமாக இருப்பது வழக்கம். கணக்கு வழியாக வரும் தொகைக்கான விலை வேறு என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தொகை பெரிதென்றால் பலகையில் உள்ள விலையோடு நிற்காமல், கிளை மேலாளரிடம் நல்ல விலை கேட்கலாம். கேட்காதவருக்குப் பலகை விலைதான்.

புதுப்பிக்கும் படிவத்தில் முதிர்வு அறிவுறுத்தல் என்றொரு கட்டம் இருக்கும். அவசரத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். "ஊர்ப் பணமாக மாற்றிக் கணக்கில் வை" என்று அங்கே குறித்திருந்தால், அந்த நாளின் விலை எதுவானாலும் மாற்றம் நடந்துவிடும். மேலே பார்த்த 77 விழுந்த நாளே அந்த நாளாகவும் இருக்கலாம். டாலரிலேயே தொடர்ந்து புதுப்பிக்கவும், வேண்டியதை மட்டும் வேண்டிய அன்று மாற்றவும் குறித்துவிட்டால், எந்த விலையில் மாற்றுவது என்ற முடிவு நம் கையில் இருக்கும். அவசரத்துக்கு நடுவிலேயே உடைக்க வேண்டி வந்தால் வட்டி எவ்வளவு குறையும் என்பதையும் அதே நேரத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில டெபாசிட்டுகளில் ஆரம்பக் காலத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடைக்காது. அப்போது மிஞ்சுவது மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கம் மட்டும்தான்.