8,000 ரூபாய் போயிற்று: உதடு முன்னே, குரல் பின்னே

ரோஸ் ஹில்லில் உள்ள ஒரு மின்சாதனக் கடையில் 6,500 ரூபாய்க்கு டிவிக்கென ஒரு சவுண்ட்பார் ஸ்பீக்கர் வாங்கி, அதைச் சரிசெய்ய மேலும் 1,500 ரூபாய் கொடுத்து, ஆக 8,000 ரூபாயை இழந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காது மந்தமான என் அம்மா தொடர்கள் பார்ப்பதற்காகவே அதை வாங்கினேன். கடைக்காரர் நம்மவர் என்பதாலும், தம் கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "டிவியிலும் இப்படித்தான் அண்ணே, ஒயரே தேவையில்லை" என்று சொன்னதாலும் நம்பினேன். வெறும் பாட்டில் ஒத்துப் பார்ப்பதற்கு உதடு இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் தொடரில் ஒருவர் "அம்மா" என்றால், உதடு மூடித் திறந்த பிறகே "ம்மா" காதில் விழுந்தது. கடையை அழைத்தேன், "ஆடியோ டிலே அமைப்பைக் கூட்டுங்கள்" என்றார்கள். 100 மில்லிவினாடி வைத்தேன். குரல் மேலும் பின்தங்கியது. 200 வைத்தபோது ஒருவர் பேசி முடித்து மற்றவர் வாய் திறந்தபின்னும் முதலாமவர் குரலே கேட்டது. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்த பணியாளர் அதை உச்ச அளவுக்கே கொண்டுபோய், "பழகிவிடும்" என்று சொல்லிச் சென்றார்.

அந்த அமைப்பு ஒலியைப் பிடித்துவைத்துப் பிறகு விடுவது மட்டுமே. டிவி படத்தைச் செப்பனிட நேரம் எடுத்துக்கொண்டு, குரல் முந்திவரும்போதுதான் அது உதவும். என் வீட்டிலோ குரல் ஏற்கெனவே பிந்தியது, ஏனென்றால் புளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, ஸ்பீக்கரில் சற்றுச் சேமித்த பிறகே ஒலிக்கவிடுகிறது. ஆகவே டிவியிலும் ஸ்பீக்கரிலும் அமைப்பை 0 ஆக்கினேன். பழைய தாமதம் மட்டும் மிஞ்சியது. என் டிவியில் 0க்குக் கீழே இறங்க வழியில்லை. மடிக்கணினியை அதே ஸ்பீக்கரோடு புளூடூத்தில் இணைத்து, VLC பிளேயரில் ஒரு படத்தை ஓட்டி J விசையை நான்கு முறை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தமும் ஒலியை 50 மில்லிவினாடி முன்னே கொண்டுவர, -200இல் உதடும் குரலும் ஒன்றாயின. கோளாறு புளூடூத் தாமதமே என்பது அதில் உறுதியானது. ஆனால் நேரலை டிவிக்கு அந்த வழி இல்லை.

இதைச் சொன்னதற்கு, "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பித் தர முடியாது" என்றார் கடைக்காரர். அடுத்த நாள் முதலாளி இல்லை என்றார்கள். அதற்கடுத்த நாள் அழைப்பையே எடுக்கவில்லை. ஒயர் வழியாக ஒலியை எடுக்க என் டிவியில் ஆப்டிக்கல் துளையும் ஏஆர்சி துளையும் மட்டுமே உண்டு, அந்த ஸ்பீக்கரிலோ இரண்டும் இல்லை. 8,000 ரூபாய் அலமாரியில் தூங்குகிறது.

விரிவாக ஆலோசனை எழுத எண்ணியிருந்தேன், பொறுமை இல்லை. பாட்டைக் கேட்டு வாங்காதீர்கள், ஒருவர் பேசும் காட்சியை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயர் துளை உங்கள் டிவிக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். குரல் பிந்தும்போது டிலேயைக் கூட்டச் சொல்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.